ஒரே ஆர்டர், பல தவணைச் சரக்கு: பில் எழுத வேண்டிய முறை

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்குச் சென்ற புரட்டாசியில் பார்வையிடச் சென்றிருந்தேன். அன்று கூலிப் பட்டுவாடா நாள். திண்ணையில் அங்கத்தினர்கள் காத்திருந்தார்கள். உள்ளே மேலாளர் பெட்டியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். முதியவர் ஒருவர் என்னிடம் வந்து, “சார், இரண்டாம் தடவைச் சரக்கு போய் நாலு வாரமாகிறது. நெய்தது குற்றமா, அனுப்பியது குற்றமா? பணம் எங்கே நிற்கிறது என்று நீங்களாவது சொல்லுங்கள்” என்றார்.

நெய்தது குற்றமில்லை; அனுப்பியதும் குற்றமில்லை. பில் எழுதியதில்தான் குறை இருந்தது. ஒரு விடுதி நிர்வாகத்தாரிடமிருந்து 2,400 படுக்கை விரிப்புகளுக்கு அந்தச் சங்கம் ஆர்டர் பெற்றிருந்தது. முதல் தவணையாக 600 விரிப்புகளும், நான்கு வாரம் கழித்து இரண்டாம் தவணையாக 600 விரிப்புகளும் அனுப்பினார்கள். இரண்டு பில்களிலும் ஒரே ஆர்டர் எண், ஒரே சரக்கு, ஒரே எண்ணிக்கை, ஒரே தொகை. மாறியிருந்தவை பில் எண்ணும் தேதியும் மட்டுமே. விடுதி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் விசாரித்தபோது கணக்கர், “இந்தப் பில்லுக்குத்தான் பணம் கொடுத்தாகிவிட்டதே, மறுபடியும் நகல் அனுப்பியிருக்கிறீர்கள் என்று கோப்பில் வைத்துவிட்டேன்” என்று பதில் சொன்னார். அவர் மீது கோபிப்பதற்கு இடமில்லை. இரண்டாவது பில் எதற்காக எழுதப்பட்டது என்பதை அந்தப் பில் அவருக்குச் சொல்லவில்லை.

ஒரு பெரிய ஆர்டரைப் பல தவணைகளில் அனுப்பும்போது ஒவ்வொரு பில்லும் எதைச் சொல்ல வேண்டும் என்பதை இந்த ஆர்டரையே உதாரணமாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

ஆர்டர் வந்ததும் கேட்டுக்கொள்ள வேண்டியது

முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, சரக்கைப் பகுதி பகுதியாக அனுப்ப வாங்குவோர் சம்மதித்திருக்கிறார்களா என்பதே. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வாங்குபவர் தவணை தவணையாகச் சரக்கைப் பெற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவர் அல்லர். தறியில் இருப்பது தயாரானவுடன் கட்டி அனுப்பிவிட்டு, பிறகு அவர்கள் ‘முழுச் சரக்கும் வரட்டும், பார்க்கலாம்’ என்று சொன்னால் வாதாட நமக்குப் பிடிமானம் இல்லை. ஆகவே ஆர்டரை ஏற்றுக்கொள்ளும் கடிதத்திலேயே, சரக்கு தவணைகளாக அனுப்பப்படும், ஒவ்வொரு தவணைக்கும் தனிப் பில் வரும், அந்தந்தப் பில்லுக்குத் தனித்தனியே பணம் கொடுக்க வேண்டும் என்று மூன்று செய்திகளை எழுதி, அவர்களுடைய சம்மதத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

நமது உதாரணத்தில் விரிப்பு ஒன்றின் விலை, வரி நீங்கலாக, 350 ரூபாய். 2,400 விரிப்புகளுக்கு 8,40,000 ரூபாய். அதன்மேல் சரக்கு மற்றும் சேவை வரி 5 சதவிகிதம், அதாவது 42,000 ரூபாய். ஆக ஆர்டரின் முழுத் தொகை 8,82,000 ரூபாய். நூல் வாங்குவதற்காக 1,68,000 ரூபாய் முன்பணம் வந்திருந்தது. இதை 2,400ஆல் வகுத்தால் விரிப்பு ஒன்றுக்கு 70 ரூபாய் ஆகிறது. இந்த 70 ரூபாய்க் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

ஒரே பில்லாக எழுதினால் என்ன?

தவணைதோறும் எழுதும் தொல்லை எதற்கு, முதல் தவணையோடு முழு ஆர்டருக்கும் ஒரே பில் போட்டுவிட்டால் என்ன என்று சில சங்கங்களில் கேட்கிறார்கள். அப்படிச் செய்தால் 600 விரிப்புகள் மட்டுமே போயிருக்க, 2,400 விரிப்புகளுக்கான வரி 42,000 ரூபாயும் அந்தப் பில்லின் தேதிக்குரிய கணக்கிலேயே நம் தலையில் வந்து நிற்கும். கைக்குப் பணம் வருமுன் வரி கட்ட நேரிடும். வாங்குவோரும் வராத சரக்குக்கு எழுதிய பில்லைப் பட்டுவாடாவுக்கு அனுப்ப மாட்டார்கள்.

மற்றொரு சாரார் இதற்கு நேர்மாறாக, எல்லாத் தவணைகளையும் டெலிவரி சலானில் அனுப்பிவிட்டுக் கடைசியில் ஒரே பில் எழுதலாம் என்கிறார்கள். இதுவும் தவறு. நேரடி விற்பனையில் சரக்கு நம் கிடங்கை விட்டு வெளியேறும்போதோ அதற்கு முன்போ பில் எழுதப்பட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் விதி. தவிரவும், கடைசிப் பில் வரும்வரையில் யாரும் பணம் தர மாட்டார்கள். அதுவரை கூலிக்கு எங்கே போவது?

ஆகவே அனுப்பும் ஒவ்வொரு தவணைக்கும், அந்தத் தவணையில் போகும் சரக்குக்கு மட்டும், ஒரு பில் எழுதுவதே முறை. அசல் வாங்குவோருக்கு, இரண்டாம் படி வண்டியில் சரக்குடன் செல்வோருக்கு, மூன்றாம் படி சங்கத்துக்கு.

பில்லின் எண் வேறு, தவணையின் எண் வேறு

சில சங்கங்களில் ‘87/1’, ‘87/2’ என்று ஆர்டர் எண்ணோடு சேர்த்துப் பில் எண் போடும் வழக்கத்தைக் கண்டிருக்கிறேன். இது குழப்பம் விளைவிக்கும். பில் எண் என்பது அந்த நிதியாண்டில் சங்கம் எழுதும் பில்களுக்கு இடைவெளி விடாமல் தொடர்ந்து செல்ல வேண்டிய வரிசை எண். நமது உதாரணத்தில் நான்கு தவணைகளின் பில் எண்கள் 118, 131, 149, 163. நடுவில் உள்ள எண்கள் வேறு வியாபாரிகளுக்குப் போன பில்களுக்கு உரியவை. தவணை எண்ணைத் தனி வரியில் ‘தவணை 3’ என்று எழுத வேண்டும்.

‘நான்கில் மூன்று’ என்று முன்கூட்டியே எழுதிவிடாதீர்கள். மழை பிடித்துப் பாவு காயாமல் போனால் நான்கு தவணை ஐந்தாகலாம். அப்பொழுது ‘நான்கில் ஐந்து’ என்று எழுத முடியுமா? கடைசித் தவணையில் மட்டும் ‘தவணை 4, இத்துடன் ஆர்டர் பூர்த்தி’ என்று எழுதினால் போதும்.

பில்லின் முகத்தில் இருக்க வேண்டிய கணக்கு

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். தவணைப் பில் எதுவாயினும், அதைக் கையில் எடுப்பவருக்கு வேறு காகிதம் எதையும் தேடாமல் ஐந்து விஷயங்கள் தெரிய வேண்டும்: மொத்த ஆர்டர் எவ்வளவு, இதற்கு முன் எந்தெந்தப் பில்லில் எவ்வளவு போயிற்று, இந்தப் பில்லில் எவ்வளவு, இதுவரை ஆக மொத்தம் எவ்வளவு, இன்னும் பாக்கி எவ்வளவு. மேற்படி சங்கம் மூன்றாம் தவணைக்கு எழுதிய பில் பின்வருமாறு அமைந்தது:

பில் எண் 149, தேதி 6-10
தங்கள் ஆர்டர் எண் 87, தேதி 12-6. மொத்தம் 2,400 விரிப்புகள்
தவணை 3
முன் அனுப்பியவை: பில் 118இல் 600, பில் 131இல் 600; ஆக 1,200
இப்பில்லில் அடங்கியவை: 700 (கட்டு எண் 25 முதல் 38 வரை, கட்டுக்கு 50 விரிப்புகள்)
இதுவரை ஆக மொத்தம்: 1,900
இனி அனுப்ப வேண்டிய பாக்கி: 500

இதில் கட்டு எண்களைக் கவனியுங்கள். முதல் தவணைக்குக் கட்டு 1 முதல் 12, இரண்டாவதற்கு 13 முதல் 24, மூன்றாவதற்கு 25 முதல் 38 என்று ஆர்டர் முழுவதற்கும் கட்டு எண்கள் தொடர்ந்து போகின்றன. தவணைதோறும் மறுபடி 1இலிருந்து தொடங்கினால், விடுதிக் கிடங்கில் மூன்று ‘கட்டு 5’ கிடக்கும். எதில் பழுது என்று புகார் வந்தால் எந்தப் பில்லைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க வழியிராது. கட்டின் மேல் தைத்த சீட்டில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாயிருந்தால், கிடங்குக்காரர் சரக்கைப் பெற்றுக்கொண்டு கையெழுத்திடுவது சில நிமிஷ வேலை. அந்தக் கையெழுத்தும் தேதியும் உள்ள படி நம் கோப்பில் இருக்க வேண்டும்.

முன்பணத்தைக் கழிக்கும் இடம்

எண்ணிக்கைக்குப் பிறகு தொகை. மூன்றாம் தவணைப் பில்லின் அடுத்த பகுதி இது:

700 விரிப்புகள், ஒன்று 350 ரூபாய் வீதம்: 2,45,000
மத்திய வரி 2.5 சதவிகிதம்: 6,125
மாநில வரி 2.5 சதவிகிதம்: 6,125
பில் தொகை: 2,57,250
கழிக்க, முன்பணத்தில் 700க்கு 70 ரூபாய் வீதம்: 49,000
இப்பொழுது கொடுக்க வேண்டியது: 2,08,250
முன்பணத்தில் இனி மீதி: 35,000

வரி போட்டுப் பில் தொகை கண்ட பிறகே முன்பணத்தைக் கழிக்க வேண்டும். பல சங்கங்களில் சரக்கின் விலையிலிருந்து முன்பணத்தை முதலில் கழித்துவிட்டு, எஞ்சியதற்கு மட்டும் வரி போடுகிறார்கள். வரி என்பது சரக்கின் முழு விலைக்கு உரியது. அதில் ஒரு பகுதி முன்னமேயே வந்துவிட்டது என்பதால் விலை குறைந்துவிடாது. சாதாரண முறையில் வரி செலுத்தும் சங்கங்கள் சரக்குக்காக முன்பணம் பெறும்போது அதன்மேல் வரி செலுத்த வேண்டியதில்லை என்று 2017 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆகவே அந்த வரி முழுவதும் தவணைப் பில்களில்தான் வசூலாக வேண்டும். முன்பணத்தை முதலில் கழித்து வரி போட்டால், இந்த ஆர்டரில் 1,68,000 ரூபாய்க்கு உரிய 8,400 ரூபாய் வரி வாங்குவோரிடமிருந்து வசூலாகாமல் விட்டுப்போகும். சர்க்காருக்கு அதைச் சங்கம் தன் கையிலிருந்து கட்ட வேண்டிவரும்.

முன்பணம் முழுவதையும் முதல் பில்லிலேயே கழித்துவிடுவதும் உண்டு. வாங்குவோர் அதைக் கேட்கக்கூடும். ஆனால் இந்த ஆர்டரில் முதல் பில் 2,20,500 ரூபாய். அதில் 1,68,000 போனால் கைக்கு வருவது 52,500 ரூபாய்தான். அடுத்த தவணைக்கு நூலும் கூலியும் அதில் அடங்கா. விரிப்பு ஒன்றுக்கு 70 ரூபாய் வீதம் கழித்தால், எத்தனை விரிப்புகள் போயினவோ அத்தனைக்கு முன்பணம் தீரும். தவணை பெரிதானாலும் சிறிதானாலும் கணக்கு பிசகாது. பாக்கி 500 விரிப்புகள், முன்பணத்தில் மீதி 35,000. 500ஐ 70ஆல் பெருக்கினாலும் அதே 35,000. பில் எழுதியவர் தம் கணக்கைத் தாமே சரிபார்த்துக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

சரக்குத் திரும்பி வந்தால்

மூன்றாம் தவணையில் 20 விரிப்புகளின் அகலம் குறைவு என்று விடுதியார் திருப்பி அனுப்பினார்கள். சங்க மேலாளர், “அடுத்த பில்லில் 20ஐக் குறைத்து எழுதிவிட்டால் சரியாய்ப் போகுமே” என்றார். போகாது. அடுத்த பில் அடுத்த தவணைச் சரக்குக்கு உரியது. அதில் பழைய குறையைக் கலந்தால், அந்தப் பில்லின்படி சரக்கை எண்ணுபவருக்கும் கணக்கு ஒவ்வாது. வரிக் கணக்கும் ஒவ்வாது.

இதற்குரிய காகிதம் வரவுக் குறிப்பு. வழக்கில் கிரெடிட் நோட் என்கிறோம். அதில் ‘பில் எண் 149, தேதி 6-10 தொடர்பானது’ என்று முதலிலேயே எழுதி, 20 விரிப்புகளின் விலை 7,000 ரூபாயும் அதற்குரிய வரி 350 ரூபாயும் ஆக 7,350 ரூபாய் என்று காட்ட வேண்டும். அந்த 20 விரிப்புகளுக்காகக் கழித்திருந்த முன்பணம் 1,400 ரூபாய் திரும்பவும் முன்பண மீதியில் சேரும். ஆக மூன்றாம் தவணைக்கு வர வேண்டிய பணத்தில் 7,350இலிருந்து 1,400 போக 5,950 ரூபாய் குறைந்து, 2,02,300 ரூபாய் ஆகிறது. முன்பண மீதி 35,000 என்பது 36,400 ஆகிறது.

திரும்பி வந்த விரிப்புகளுக்குப் பதிலாக நெய்தவை நான்காம் தவணையில் சேர்ந்தன. நான்காம் பில்லில் ‘முன் அனுப்பியவை’ என்ற வரியில், ‘பில் 118இல் 600, பில் 131இல் 600, பில் 149இல் 700, அதில் திரும்பியவை 20 போக 680, ஆக 1,880’ என்று எழுதினார்கள். இப்பில்லில் அடங்கியவை 520; ஆக மொத்தம் 2,400; பாக்கி இல்லை. விலை 1,82,000, வரி 9,100, பில் தொகை 1,91,100; முன்பண மீதி 36,400 முழுவதும் கழிந்து, கொடுக்க வேண்டியது 1,54,700 ரூபாய்.

நான்கு தவணைகளிலும் வந்த பணத்தைக் கூட்டிப் பாருங்கள். முதல் இரண்டும் 1,78,500 வீதம், மூன்றாவது 2,02,300, நான்காவது 1,54,700. ஆக 7,14,000. முன்பணம் 1,68,000ஐச் சேர்த்தால் 8,82,000. ஆர்டரின் முழுத் தொகையும் இதுவே. கூட்டல் இப்படி ஒத்து வந்தால்தான் கணக்கு முடிந்ததென்று பொருள்.

ஒவ்வொரு தவணைக்கும் தனிக் கெடு

தவணைப் பில்லால் வரும் மற்றொரு நன்மையும் உண்டு. சங்கம் குறு, சிறு தொழிலாகப் பதிவு பெற்றிருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டத்தின்படி, வாங்குவோர் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. சரக்கில் குறை இருந்தால் அது வந்து சேர்ந்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் சொல்லிவிட வேண்டும்; சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். தவணைக்குத் தனிப் பணம் என்று ஆர்டரில் ஒப்புக்கொண்டு, தவணைக்குத் தனிப் பில்லும், பெற்றுக்கொண்ட கையெழுத்தும் தேதியும் இருந்தால், இந்த நாட்கள் அந்தந்தத் தவணைக்குத் தனித்தனியே ஓடத் தொடங்கும். நான்காம் தவணை வரவில்லை என்று சொல்லி முதல் தவணைப் பணத்தை நிறுத்துவதற்கு இடமிராது.

விளைபொருள் சங்கத்தாருக்கு ஒரு வார்த்தை

மஞ்சள், நிலக்கடலை போன்றவற்றை எண்ணிக்கையில் அன்றி எடையில் விற்கும் சங்கங்களுக்கும் முறை இதுவே. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. நாம் நிறுத்து அனுப்பியதும் அவர்கள் நிறுத்து எடுத்ததும் சில கிலோ வேறுபடும். வழியில் ஈரம் உலர்வதும் உண்டு. எந்த இடத்து எடைக்குப் பணம் என்பதையும், மொத்த ஆர்டரில் எவ்வளவு கூடுதல் குறைவு செல்லும் என்பதையும் ஆர்டரிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். பில்லில் கட்டு எண்ணுக்குப் பதிலாக மூட்டை எண்ணிக்கையும் எடைச் சீட்டின் எண்ணும் இருக்கட்டும். ‘பாக்கி’ என்ற வரியை ஒப்புக்கொண்ட இடத்து எடைப்படியே எழுத வேண்டும். ஒரு பில்லில் நம் எடை, மறு பில்லில் அவர்கள் எடை என்று கலந்தால் கடைசித் தவணையில் தகராறு நிச்சயம்.

அந்தச் சங்கத்தில் பிறகு நடந்தது

இரண்டாம் தவணைக்கான பழைய பில்லைக் கிழித்துவிட்டு அதே எண்ணில் வேறு எழுதுவதாக மேலாளர் சொன்னார். அதை நான் அனுமதிக்கவில்லை. பில் 131இல் எண்ணிக்கையோ தொகையோ தவறில்லை, விளக்கம்தான் இல்லை. எனவே ஒரு பக்கக் கடிதம் தயார் செய்தோம். பில் 118, அதன் தேதி, கட்டு 1 முதல் 12, பணம் வந்த தேதி ஒரு வரியில். பில் 131, அதன் தேதி, கட்டு 13 முதல் 24, விடுதிக் கிடங்கில் கையெழுத்திட்ட தேதி, பணம் வர வேண்டியது மறு வரியில். கையெழுத்திட்ட படியின் நகலையும் சேர்த்து ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பினோம். கணக்கர் தம் கிடங்குப் புத்தகத்தைப் பார்த்து, 1,200 விரிப்புகள் வந்திருப்பதைக் கண்டுகொண்டார். அடுத்த வாரமே 1,78,500 ரூபாய் சங்கத்தின் வங்கிக் கணக்கில் சேர்ந்தது.

இப்பொழுது அந்தச் சங்கத்தில் பெரிய ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் பேரேட்டில் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். பில் எழுதுமுன் அந்தப் பக்கத்தில் எண்ணிக்கையும் முன்பணமும் பதிந்து, அங்கிருந்தே பில்லுக்கு எடுத்தெழுதுகிறார்கள். கேள்வி கேட்ட முதியவரை மறுமுறை சென்றபோது பார்த்தேன். பேரேட்டின் அந்தப் பக்கத்தைத் தாமே வாங்கிப் பார்த்துவிட்டு, “பாக்கி 500 என்று போட்டிருக்கிறதே, அதில் என் தறிக்கு எத்தனை, சார்?” என்று மேலாளரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.